யாருக்கு அத்தை, யாருக்கு அத்திம்பேர்?

தமிழ் உறவுப்பெயர் எதுவும் தனித்து நிற்பதில்லை. அது எப்போதும் யாரோ ஒருவரிடமிருந்து எண்ணப்படுவது. 'அத்தை' என்று ஒருவர் எழுதினால், எவருக்கு அத்தை என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை, சொல்பவரின் வீட்டில் இருக்கிறது. அதை நூலாசிரியர் எழுதாமல் விட்டாலும் தமிழ் வாசகருக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. அவர் தம் வீட்டு அத்தையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து மேலே படித்துவிடுகிறார். அதே வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவருக்கோ அந்த வசதி கிடையாது. 'ஆண்ட்' என்று எழுதுவதா, 'மதர்-இன்-லா' என்று எழுதுவதா என்பதை அவர் அந்த இடத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானித்த மறுகணமே, மூலத்தில் சொல்லப்படாத ஒரு குடும்பச் செய்தியைச் சொன்னவராகிறார். இந்தச் சிக்கலை அதன் எல்லா முகங்களோடும் பார்ப்பதற்குத் திருவண்ணாமலையைவிட ஏற்ற ஊர் அமைவது கடினம். அங்குள்ள ரமணாசிரமத்தைச் சுற்றி எழுந்த நினைவுக்குறிப்புகளில் ஒரு துறவியின் குடும்பத்தார், அடியார்கள், ஊர்ப் பாட்டிமார்கள் ஆகிய எல்லாரும் உறவுப்பெயர்களாலேயே நடமாடுகிறார்கள். அவற்றைப் படிப்பவர்களில் பெரும்பகுதியினரோ தமிழறியாத வெளிநாட்டினர்.

முதலில் அடிப்படை. ஆங்கில உறவுப்பெயர்கள் முதன்மையாகத் தலைமுறையையும் பாலையும் பார்க்கின்றன. பெற்றோர் தலைமுறைப் பெண் உறவினர் எல்லாரும் அங்கே 'ஆண்ட்'. தமிழ் இவற்றோடு இன்னும் இரண்டைப் பார்க்கிறது. மூத்தவரா இளையவரா என்பது ஒன்று. பெற்றோரோடு உடன்பிறந்தவர் அதே பாலினரா எதிர்ப் பாலினரா என்பது மற்றொன்று. அப்பாவின் சகோதரரும் அம்மாவின் சகோதரியும் பெரிய, சின்ன என்னும் அடையோடு அப்பாவாகவும் அம்மாவாகவும் ஆகிவிடுகிறார்கள். அப்பாவின் சகோதரியும் அம்மாவின் சகோதரரும் அத்தை, மாமா என்று தனி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளே மணம் செய்துகொள்ளத் தக்கவர்கள், அதாவது முறைப்பெண், முறைமாப்பிள்ளை. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைகளை ஒப்பிட்டு 1871இல் வெளியிட்ட பெருநூலில் தமிழ் உறவுப்பெயர்ப் பட்டியல் ஒன்று இடம்பெற்றது. அதைத் திரட்டிக் கொடுத்தவர், திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள வேலூரில் ஆற்காடு மிஷனில் பணியாற்றிய ஸ்கடர் என்னும் பாதிரியார். பின்னர் 1953இல் பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், இந்தப் பெயர்களின் அமைப்பே திருமண உறவின் வெளிப்பாடு என்று வாதிட்டார். மாமாவை அம்மாவின் உடன்பிறந்தவர் என்று மட்டும் பார்க்காமல், அப்பாவின் மைத்துனர் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கோட்பாட்டால் ஒரு நேரடிப் பயன் உண்டு. அத்தை மகனை மணப்பது முறை என்று கொள்ளும் வீட்டில், திருமணத்துக்கு முன் அத்தையாக இருந்தவரே பின்னர் மாமியாராகிறார். மாமா மகனை மணந்தால் மாமாவின் மனைவி மாமியாராகிறார். ஆகவே அப்பாவின் சகோதரி, தாய்மாமனின் மனைவி, கணவனின் அல்லது மனைவியின் தாய் ஆகிய மூவருக்கும் 'அத்தை' என்னும் ஒரே சொல் பொருந்துவது குழப்பத்தால் நேர்ந்தது அன்று. முறை மணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சொல்லமைப்பு அது நடந்ததாகவே எண்ணிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் முதல் இருவருக்கும் ஒரு சொல், மூன்றாமவருக்கு வேறொரு சொல். 'மாமா' இதைவிட அகலமானது. தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார், பல சமூகங்களில் அக்காவின் கணவர், சில வீடுகளில் கணவரே என்று ஐந்து இடங்களில் அது நிற்கும். 'அங்கிள்' என்று எழுதினால் இவற்றில் இரண்டு சரி, மூன்று தவறு.

இனி ஆசிரம வழக்குக்கு வரலாம். ரமண மகரிஷி என்று பின்னர் அறியப்பட்ட வேங்கடராமன் 1879இல் திருச்சுழியில் பிறந்தார். சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்த நான்கு பிள்ளைகளில் மூத்தவர் நாகசுவாமி, அடுத்தவர் வேங்கடராமன், மூன்றாமவர் நாகசுந்தரம், கடைக்குட்டி அலமேலு. நாகசுந்தரம் மனைவியை இழந்தபின் திருவண்ணாமலைக்கு வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்த சுவாமி ஆனார். மகரிஷியின் தம்பி என்பதால் அவரைச் சின்னசுவாமி என்றே எல்லாரும் அழைத்தனர். அவருடைய மகனை, தாயில்லாப் பிள்ளையாக இருந்தவரை, அலமேலுவும் அவர் கணவர் பிச்சுவய்யரும் வளர்த்தனர். அந்தப் பிள்ளையின் பெயரும் வேங்கடராமன். 1953இல் நிரஞ்சனானந்தர் மறைந்தபின் ஆசிரமத் தலைமையை ஏற்றவர் அவரே. ஆசிரம வட்டத்தில் அலமேலு அம்மாளுக்கு வழங்கிய பெயர் அத்தை. பிச்சுவய்யருக்கு வழங்கிய பெயர் அத்திம்பேர்.

இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்குத் தொடர்பில்லாத ஓர் அடியார் எழுதிய குறிப்பில் 'அத்திம்பேர் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்' என்ற வகையில் ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். யாருடைய அத்திம்பேர் என்பது எழுதப்படவில்லை. அகராதியைத் திறந்தால் 'அக்காவின் கணவர், அத்தையின் கணவர்' என்னும் இரு பொருள்கள் கிடைக்கும். முதற்பொருளைக் கொண்டு, எழுதியவரிடமிருந்தே உறவு எண்ணப்படுகிறது என்னும் நினைப்பில் 'மை பிரதர்-இன்-லா' என்று எழுதினால், அந்த அடியாருக்கு ஆசிரமத்தில் ஓர் அக்காவும் அவள் கணவரும் முளைத்துவிடுகிறார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை அந்த ஆங்கிலப் பக்கத்திலிருந்து எழுதப்போகும் அடுத்தவர், இல்லாத அந்த அக்காவைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சற்று விவரம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர், பிச்சுவய்யர் மகரிஷியின் சகோதரி கணவர் என்பதை அறிந்து 'பகவானின் பிரதர்-இன்-லா' என்று எழுதலாம். செய்தியளவில் அது உண்மை. ஆனால் அத்திம்பேர் என்னும் சொல்லுக்கு அது உரை ஆகாது, ஏனெனில் அலமேலு மகரிஷிக்குத் தங்கை. அத்திம்பேரோ அக்காவின் கணவரைக் குறிக்கும் சொல், தங்கையின் கணவரைக் குறிப்பதன்று. அப்படியானால் இந்தப் பெயர் மகரிஷியிடமிருந்து எண்ணப்பட்டதாக இருக்க முடியாது. நாகசுந்தரத்துக்கும் அலமேலு இளையவரே, ஆகவே அவரிடமிருந்தும் எண்ண முடியாது. எஞ்சுவது அடுத்த தலைமுறை. அப்பாவின் தங்கை அத்தை, அவர் கணவர் அத்திம்பேர் என்று இரண்டு பெயரும் ஒருசேரப் பொருந்துவது வளர்ப்புப் பிள்ளையான வேங்கடராமனிடமிருந்து எண்ணும்போது மட்டுமே. ஒரு குழந்தையின் வாயிலிருந்து புறப்பட்ட பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது.

குழந்தையை நடுவில் வைத்துப் பெரியவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவது தமிழ் வீடுகளில் அன்றாட வழக்கம். மனைவி தன் நாத்தனாரைப் பிள்ளையிடம் அத்தை என்பாள். மகன் தன் தாயையே பிள்ளைகள் எதிரில் பாட்டி என்பான். நாளடைவில் பிள்ளை இல்லாத இடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும். உறவு சொல்லப்படாத தமிழ்ப் பகுதிகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை சொல்லின் பொருள் தெரியாததால் வருவன அல்ல; எண்ணத் தொடங்கும் ஆள் மாறியிருப்பதைக் கவனியாமையால் வருவன. எனவே 'இந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் என்ன' என்று கேட்பதற்கு முன், 'இந்தச் சொல்லைத் தொடங்கிவைத்தவர் யார்' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது இணைப்பெயர், அதாவது அதே ஆளின் கணவரை அல்லது மனைவியை அந்நூல் எப்படிக் குறிக்கிறது என்பது. மேற்கண்ட வழக்கில் அத்தை மட்டும் தெரிந்திருந்தால் ஐயம் எஞ்சியிருக்கும். கணவர் அத்திம்பேர் என்பதால் இரண்டு செய்திகள் உறுதியாகின்றன. பிராமண வழக்கில் தாய்மாமனின் மனைவி மாமி எனப்படுவாள், கணவனின் தாய் மாமியார் எனப்படுவாள், ஆதலால் அத்தை என்பது அங்கே அப்பாவின் சகோதரிக்கு மட்டுமே உரியது. அத்திம்பேர் என்னும் சொல்லே அந்த வழக்கின் அடையாளம். திருவண்ணாமலையின் மற்ற வீதிகளிலோ அத்தைக்கு இணை மாமா. அந்த இணை மூன்று பொருளுக்கும் பொதுவாக நிற்பதால் அதிலிருந்து ஒன்றும் தேறாது. ஒரே சொல் ஒரு தெருவில் தெளிவாகவும் அடுத்த தெருவில் மங்கலாகவும் இருப்பதனால், எழுதியவர் எந்த வழக்கைப் பேசுகிறவர் என்பதை அண்ணி, மன்னி, மதினி போன்ற பிற சொற்களிலிருந்து முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. இம்மூன்றும் அண்ணனின் மனைவியைக் குறிப்பவையே. ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும் என்றாலும், எழுதியவரின் சமூகத்தையும் வட்டாரத்தையும் அவை காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இணைப்பெயர் உதவாத இடங்களில் வாக்கியத்தின் நடப்பைப் பார்க்க வேண்டும். 'அத்தை வேண்டாம் என்றதால் அவள் கிரிவலம் போகவில்லை' என்னும் வாக்கியத்தில் உறவு சொல்லப்படவில்லை. அவள் மணமானவள், கணவன் வீட்டில் இருக்கிறாள் என்பது வேறு பக்கத்தில் தெரியவந்தால், தடுக்கும் அதிகாரம் பெற்ற அத்தை பெரும்பாலும் மாமியாரே. மணமாகாதவள் என்றால் அப்பாவின் சகோதரி அல்லது தாய்மாமன் மனைவி. 'ஆண்ட்' இருவருக்கும் போதும், எந்த வழி என்று துருவ வேண்டியதில்லை. அவள் மணந்தது அத்தை மகனையே என்றால் இரண்டும் ஒருவரே. அப்போது இந்த வாக்கியத்தில் அவர் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பதே முடிவுசெய்யும். வெளியே போகக் கூடாது என்று சொல்பவர் மாமியாராகவும், பிறந்த வீட்டுக் கதையைச் சொல்பவர் அத்தையாகவும் நிற்பது இயல்பு. மூலத்தில் ஒரே சொல் என்பதற்காக ஆங்கிலத்திலும் நூல் முழுவதும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது நேர்மை போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பல்.

'சித்தி' இன்னும் கூர்மையானது. 1896 ஆகஸ்டில் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டிலிருந்து வேங்கடராமன் கிளம்பிய நாளில் அவருக்கு உணவிட்டு, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென ஐந்து ரூபாயைக் கொடுத்த அம்மையாரை ஆங்கில நூல்கள் 'ஆண்ட்' என்கின்றன. சுப்பையரின் மனைவி என்பது தெரிந்திருப்பதால் அங்கே தவறு நேர வழியில்லை. ஆனால் தெரியாத ஒரு நூலில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை, அப்பாவின் தம்பி மனைவி, அப்பாவின் இரண்டாம் மனைவி ஆகிய மூவரில் எவராகவும் இருக்கலாம். இங்கே இணைப்பெயர் பாதி வழி காட்டும். முதல் இருவரின் கணவரும் சித்தப்பா. மூன்றாமவரின் கணவர் அப்பா. சித்தியும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்து, அம்மா இறந்தகாலத்தில் மட்டுமே பேசப்பட்டால், 'ஸ்டெப்மதர்' என்பதற்கு வலுவான சான்று உண்டு. அப்போதும் அவசரம் ஆகாது, ஏனெனில் தாயிழந்த பிள்ளைகளை வளர்க்க அம்மாவின் தங்கையே இரண்டாந்தாரமாக வருவது நம் ஊர்களில் புதிதல்ல. ஆங்கிலக் கதை மரபில் அந்தச் சொல் கொடுமையின் நெடியோடு வருகிறது, சித்தி என்னும் சொல்லோ அன்பாகவும் ஒலிக்கும். 'அவள் தாயின் தங்கை, இப்போது தந்தையின் மனைவி' என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டுப் பின்பு பெயரால் அழைப்பதே அங்கே நேர்வழி.

இது இலக்கியத்தோடு நிற்கும் நுணுக்கம் என்று எண்ணுகிறவர்கள் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்க்கலாம். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு முதல் வகுப்பு வாரிசுகள் எவரும் இல்லையென்றால் சொத்து இரண்டாம் வகுப்புக்குப் போகும். அந்த வகுப்பில் வரிசையெண்கள் உண்டு. முன் எண்ணில் ஒருவர் இருந்தால் பின் எண்ணில் உள்ளவருக்கு ஒன்றும் இல்லை. தந்தையின் விதவை ஆறாம் எண்ணிலும், தந்தையின் சகோதரரும் சகோதரியும் ஏழாம் எண்ணிலும், தாயின் சகோதரரும் சகோதரியும் ஒன்பதாம் எண்ணிலும் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆக, ஒரு தமிழ் வாக்குமூலத்தில் 'சித்தி' என்று மட்டும் இருந்தால், மாற்றாந்தாயானால் ஆறு, அம்மாவின் தங்கையானால் ஒன்பது, சிற்றப்பாவின் மனைவியானால் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 'ஆண்ட்' என்று மொழிபெயர்த்தவர் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார். 'ஸ்டெப்மதர்' என்று ஊகித்தவர் ஒருவரை மூன்று படி மேலேற்றிவிட்டார். ஆவணங்களில் ஊகத்துக்கு இடம் தராமல், 'சித்தி என்னும் சொல் மூலத்தில் உள்ளது, உறவு குறிப்பிடப்படவில்லை' என்று எழுதிவைப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. மீதியை வழக்கறிஞர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

உறவே இல்லாத இடத்தில் வரும் உறவுப்பெயர்கள் இன்னொரு தொகுதி. மலையில் கீரை பறித்துச் சமைத்து இளந்துறவிக்குக் கொடுத்த மூதாட்டியைக் கீரைப்பாட்டி என்றும், நாள்தோறும் உணவு கொண்டுவந்த அலங்காரத்தம்மாளை முதலியார் பாட்டி என்றும் ஆசிரம நூல்கள் குறிக்கின்றன. இங்கே பாட்டி என்பது வயதைச் சொல்கிறதே தவிர வழியைச் சொல்லவில்லை. 'கிராண்ட்மதர்' என்று எழுதினால் யாருடைய பாட்டி என்ற கேள்வி எழும். முதலியார் பாட்டியில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. முதலியார் என்பது சமூகப் பெயர் என்று அறியாதவர் அதை வேற்றுமைத் தொகையாகப் பிரித்து, முதலியார் ஒருவரின் பாட்டி என்று எழுதிவிடக்கூடும். ஆங்கில நூல்கள் பெரும்பாலும் 'பாட்டி'யைப் பெயரின் ஒரு பகுதியாகவே விட்டுவைத்திருப்பது சரியான முடிவு. முதல் இடத்தில் மட்டும் 'முதியவள்' என்ற குறிப்புச் சேர்த்தால் போதும்.

திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்து நூல்களில் எதிர்ப்படும் 'ஆயா' இதற்கு நேர்மாறானது. வட மாவட்டங்களில் அது பாட்டியைக் குறிக்கும் வீட்டுச் சொல். தென் மாவட்டத்தாருக்கும் ஆங்கில வாசகருக்கும் அது பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் பெண். 'ஆயா தூங்கவைத்தாள்' என்னும் வரி, பொருள் தெரியாதவர் கையில், ஏழைக் குடியானவர் வீட்டில் ஒரு செவிலிப் பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்திவிடும். உறவு இல்லாத இடத்தில் உறவை நுழைப்பதும், உறவு உள்ள இடத்தில் அதை வேலையாக்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

தெருவில் புழங்கும் அண்ணா, அக்கா, தம்பி ஆகியவற்றை மொழிபெயர்க்காமல் விடுவதே பல இடங்களில் நல்லது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இளநீர்க்காரரை ஒருவர் அண்ணா என்று அழைப்பதை 'பிரதர்' என்று எழுதினால், ஆங்கிலத்தில் அது ஒன்று குடும்பமாகவோ ஒன்று மடத்துத் துறவியாகவோ ஒலிக்கும். பேச்சின் பணிவை வினைமுற்றின் தொனியில் கொண்டுவர முடிந்தால் விளியை விட்டுவிடலாம். 'அங்கிள்', 'ஆன்ட்டி' இரண்டும் இப்போது தமிழ்நாட்டு நகரங்களில் பக்கத்து வீட்டாருக்குரிய விளிகளாகிவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். இந்திய வாசகருக்கு 'அங்கிள்' என்றால் பெரும்பாலும் உறவல்லாதவர், இங்கிலாந்து வாசகருக்கு உறவினர். யாருக்காக மொழிபெயர்க்கிறோம் என்பது தெரியாமல் சரியான சொல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோயிலுக்குள்ளும் இச்சிக்கல் இருக்கிறது. அண்ணாமலையார் கோயிலில் முருகன் கம்பத்து இளையனார் என்னும் பெயரோடு தூணில் தோன்றியவராக வழிபடப்படுகிறார். இளையனார் என்பது இளமைப் பெயரா, பிள்ளையாருக்குத் தம்பி என்னும் உறவுப் பெயரா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. தமிழ் அடியார் இரண்டையும் ஒருங்கே கேட்கிறார். 'யங்' என்றால் உறவு போகும், 'யங்கர் பிரதர்' என்றால் மூலத்தில் பெயர் சொல்லப்படாத அண்ணன் உள்ளே வருவார். இரு பொருளும் வாழும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கொல்வதற்கு மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. பெயரைப் பெயராகவே வைத்துக்கொண்டு விளக்கத்தை வாக்கியத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது.

இவை எல்லாவற்றினும் நுட்பமான வழக்கு, அந்த 1896ஆம் ஆண்டுக் கடிதம். வீட்டை விட்டுப் போகையில் வேங்கடராமன் வைத்துச் சென்ற சிறு குறிப்பு, தகப்பனாரைத் தேடி, அவருடைய உத்தரவுப்படி கிளம்புவதாகச் சொல்கிறது. எந்தத் தகப்பனார் என்றோ எந்த ஊருக்கு என்றோ சொல்லவில்லை. பெற்ற தந்தை சுந்தரமய்யர் 1892இலேயே இறந்துவிட்டார். ஆகவே கடிதத்தைக் கையில் எடுத்த குடும்பத்தாருக்கு அந்தச் சொல் ஒரு புதிர்; திருவண்ணாமலைக்குத்தான் போயிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆங்கில வரலாற்று நூல்களிலோ, 1931இல் நரசிம்ம சுவாமி எழுதியது தொடங்கி, 'ஃபாதர்' என்னும் சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அந்த ஓர் எழுத்தின் உயரத்தால், இறைவனையே குறிக்கிறார் என்னும் விடை புதிரோடு சேர்ந்தே அச்சாகிவிட்டது.

பொருள் பிழையா என்றால் இல்லை. எழுதியவர் கருதியது அருணாசலத்தையே என்பதில் ஐயமில்லை. ஆனால் கடிதம் சொன்னதும் கடிதம் கருதியதும் வேறு வேறு. வாழ்க்கை வரலாற்றில், விடை முன்பே தெரிந்த வாசகருக்குப் பெரிய எழுத்து தீங்கு செய்யாது. கடிதத்தை ஓர் ஆவணமாகத் தனியே வெளியிடுகிறவர் சிறிய எழுத்திலேயே விட வேண்டும், ஏனெனில் நாகசுவாமியும் சுப்பையரும் படித்த தகப்பனாருக்கு எந்த உயரமும் இருக்கவில்லை. உறவு சொல்லப்படாமல் இருப்பது சில இடங்களில் எழுத்தாளரின் கவனக்குறைவு, சில இடங்களில் பொதுவழக்கு, இங்கே அது வேண்டுமென்றே விடப்பட்ட மௌனம். மூன்றையும் ஒரே மருந்தால் தீர்க்க முடியாது.

எவ்வளவு தேடியும் உறவு பிடிபடாத இடங்களில் எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு ஒரு நியாயமான வரிசை உண்டு. குறுகிய சொல்லைவிட அகன்ற சொல் மேல். 'இன்-லா' சேர்ந்த சொற்கள் ஒரு திருமணத்தையே சாட்சியாகச் சொல்வதனால் அவற்றைச் சான்றில்லாமல் எழுதவே கூடாது. 'ஆண்ட்' தவறாகிப்போனாலும் சிறு தவறு, 'மதர்-இன்-லா' தவறாகிப்போனால் நடக்காத கல்யாணம். அகன்ற சொல்லும் ஐயத்துக்கு இடமானால், 'மை' என்னும் உரிமைச் சொல்லைத் தவிர்க்க வேண்டும். யாருடையவர் என்று மூலம் சொல்லாதபோது ஆங்கிலமும் சொல்லாமல் இருக்கத் தமிழ்ச் சொல்லையே பெயராக வைத்துக்கொள்வது உதவும். மூல ஆசிரியர் உயிரோடு இருந்தால் கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் எளிது என்றாலும், வெட்கத்தாலோ அவசரத்தாலோ மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவாகவே கேட்கிறார்கள் என்பது வியப்பான உண்மை.

தம் குடும்ப நினைவுகளையோ ஆசிரம நினைவுகளையோ தமிழில் எழுதிவைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அத்தையோ மாமாவோ சித்தியோ முதன்முறை வரும் வரியில் 'அப்பாவின் அக்கா', 'அம்மாவின் தம்பி', 'சிற்றப்பாவின் மனைவி' என்று இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.